கம்ப்யூட்டர் இல்லாமல் பேனா டேப்லெட்: ஆண்ட்ராய்டு போனில் இணைத்து வரைய முழுமையான வழிகாட்டி

பேனா டேப்லெட் கையில் இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை. அல்லது இருக்கிற கம்ப்யூட்டர் வரைகிற நேரத்தில் நமக்குக் கிடைப்பதில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேனாவும் கருப்புப் பலகையுமாக வருகிற, திரை இல்லாத சாதாரண டேப்லெட்டை ஆண்ட்ராய்டு போனில் செருகி, பேனாவின் அழுத்தத்தோடு வரைவது எப்படி என்பதுதான் விஷயம்.

இதைத் திருப்பிச் செய்ய முடியாதா, போனையே டேப்லெட்டாக்கிக் கம்ப்யூட்டரில் வரையக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அதில் ஏமாற்றம்தான் மிஞ்சும். போன் திரைக்கு விரல் எங்கே பட்டது என்பது தெரியும். எவ்வளவு அழுத்தினீர்கள் என்பது ஒழுங்காகத் தெரியாது. ரப்பர் முனை வைத்த மலிவான ஸ்டைலஸும் திரையைப் பொறுத்தவரை இன்னொரு விரல்தான். ஆகவே மெல்லியதாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலியும் கோடு வராது. போனோடு தனிப் பேனா வருகிற சில மாடல்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அப்படிப்பட்ட போன் இருந்தால் கம்ப்யூட்டரில் Weylus என்ற இலவச நிரலை ஓடவிட்டு, அது காட்டும் முகவரியைப் போனின் பிரவுசரில் திறந்து வரையலாம். லினக்ஸில் அழுத்தமும் சேர்ந்தே வந்துவிடும். மற்றவர்களுக்கு டேப்லெட்டைப் போனில் செருகுவதே நல்ல வழி. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. இங்கே சொல்வதெல்லாம் ஆண்ட்ராய்டுக்குத்தான்.

டிரைவர் இல்லாமல் எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டரில் டேப்லெட்டைச் செருகியதும் முதலில் தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவச் சொல்வார்கள். போனில் அப்படி எதையும் நிறுவ வேண்டியதில்லை. கீபோர்டு, மவுஸ் போன்றவை யூஎஸ்பியில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு பொது மொழி இருக்கிறது. பேனா டேப்லெட்டுக்கும் அதில் இடம் உண்டு. "நான் ஒரு பேனா, என் இடம் இது, என் அழுத்தம் இவ்வளவு" என்று டேப்லெட் அந்தப் பொது மொழியில் பேசினால் ஆண்ட்ராய்டு நேரடியாகப் புரிந்துகொள்ளும்.

சிக்கல் என்னவென்றால் எல்லா டேப்லெட்டும் அப்படிப் பேசுவதில்லை. சில பழைய மாடல்கள் டிரைவர் இல்லாத இடத்தில் வெறும் மவுஸாக நடிக்கும். அப்போது திரையில் அம்புக்குறி வரும், கோடும் விழும், அழுத்தம் மட்டும் இருக்காது. பலர் "என் டேப்லெட் போனில் வேலை செய்கிறது" என்று சொல்லும்போது அது இந்த அரைகுறை வேலையாகவே இருக்கிறது. அதனால் வாங்கும் முன் பெட்டியிலோ தயாரிப்பாளரின் பக்கத்திலோ ஆண்ட்ராய்டு என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் கவலை வேண்டாம். உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று கீழே வருகிறது.

இணைப்பது

போன் ஓடிஜி வசதி உள்ளதாக இருக்க வேண்டும். வழக்கமாகப் போன்தான் கம்ப்யூட்டருக்கு அடங்கி நடக்கும். ஓடிஜி இருந்தால் போனே எஜமானாகி, தன்னிடம் செருகிய சாதனத்துக்கு மின்சாரம் கொடுத்து அதை இயக்கும். இருக்கிறதா என்று பார்க்கச் செயலி எதுவும் வேண்டாம். ஒரு பென்டிரைவையோ மவுஸையோ அடாப்டர் வழியாகச் செருகுங்கள். வேலை செய்தால் இருக்கிறது. சில நிறுவனங்களின் போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜிக்கென்று தனி சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்தால்தான் எதுவும் நடக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் செருகாமல் இருந்தால் அது தானாகவே அணைந்தும் போகும். "நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

கேபிளில் நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். டேப்லெட்டில் டைப்-சி துளை, போனிலும் டைப்-சி துளை. இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் முடிந்தது என்று நினைத்தேன். டேப்லெட்டின் விளக்குகூட எரியவில்லை. கேபிள் பழுது என்று இன்னொன்றை மாற்றினேன், அதுவும் அப்படியே. கடைசியில் டேப்லெட்டோடு வந்த பழைய கேபிளை, அதாவது ஒருமுனை சாதாரண அகல யூஎஸ்பியாக இருக்கும் கேபிளை எடுத்து, சின்ன ஓடிஜி அடாப்டர் மாட்டிச் செருகியதும் உடனே உயிர் வந்தது.

காரணம் இதுதான். டைப்-சி துளையில், "இங்கே மின்சாரம் வாங்கும் சாதனம் செருகப்பட்டிருக்கிறது" என்று மறுமுனைக்குத் தெரிவிக்க ஒரு சின்ன மின்தடை இருக்க வேண்டும். விலை குறைந்த சில சாதனங்களில் துளை மட்டும் டைப்-சி வடிவில் இருக்கும், அந்த மின்தடை இருக்காது. அகல யூஎஸ்பி முனை எப்போதும் மின்சாரம் தரும் என்பதால் கம்ப்யூட்டரில் இந்தக் குறை வெளியே தெரியாது. இருபுறமும் டைப்-சி என்றால் போன், எதிரில் யாரும் இல்லை என்று நினைத்து மின்சாரமே தராது. ஓடிஜி அடாப்டர் அந்தச் செய்தியைத் தானே சொல்லிவிடுகிறது. ஆகவே எந்தக் கேபிளை வாங்குவது என்று குழம்ப வேண்டாம். டேப்லெட்டோடு வந்த கேபிள், அதன் முனையில் ஓடிஜி அடாப்டர். இதுவே நம்பகமான ஜோடி. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களை இதற்கு எடுக்காதீர்கள். விளக்கு எரியும், ஆனால் தகவல் போகாது.

செருகியபின் பேனாவைப் பலகையில் நகர்த்திப் பாருங்கள். விளக்கு எரிந்தும் ஒன்றும் நகரவில்லை என்றால், டேப்லெட் இன்னும் கம்ப்யூட்டர் முறையிலேயே இருக்கக்கூடும். பல மாடல்கள் போனைத் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும். சிலவற்றில் குறிப்பிட்ட பொத்தான்களைச் சில நொடிகள் சேர்த்து அழுத்திப் பிடித்தால்தான் போன் முறைக்கு மாறும். எந்தப் பொத்தான்கள் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், கையேட்டில் இருக்கும்.

அழுத்தம் வருகிறதா என்று பார்ப்பது

இங்கே பலர் நேராக வரையும் செயலியைத் திறந்து, கோடு ஒரே தடிமனில் வருவதைப் பார்த்து, டேப்லெட் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குற்றவாளி டேப்லெட்டா, ஆண்ட்ராய்டா, செயலியா, பிரஷ்ஷா என்பது இன்னும் தெரியாது. அதைப் பிரித்துப் பார்க்க ஆண்ட்ராய்டிலேயே ஒரு கருவி இருக்கிறது.

செட்டிங்ஸில் About phone பக்கத்துக்குப் போய் Build number என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். Developer options என்ற புதிய பகுதி திறக்கும். (சில போன்களில் இந்த வரி இன்னும் ஓரிரு பக்கம் உள்ளே இருக்கும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்தால் கிடைத்துவிடும்.) அதற்குள் Pointer location என்பதை ஆன் செய்யுங்கள். திரையின் உச்சியில் ஒரு மெல்லிய பட்டை வரும். அதில் X, Y என்று இடத்தின் எண்களும் Prs என்று ஓர் எண்ணும் இருக்கும். அந்த Prs தான் அழுத்தம்.

இப்போது பேனாவைப் பலகையில் மெதுவாக வைத்து, எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். Prs எண் 0.1, 0.3, 0.6 என்று ஏறிக் கடைசியில் 1-ஐ நெருங்கினால் டேப்லெட்டும் ஆண்ட்ராய்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன. இனி கோடு ஒரே தடிமனில் வந்தால் அது செயலியில் சரிசெய்ய வேண்டிய விஷயம். எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் எண் 1.0 என்றே நின்றால் டேப்லெட் மவுஸாக நடிக்கிறது. செயலியில் எந்த அமைப்பை மாற்றினாலும் அழுத்தம் வராது. போன் முறைக்கு மாற்றும் பொத்தான்களைத் தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் அந்த மாடலின் எல்லை அதுவே.

நண்பரின் கம்ப்யூட்டர் பத்து நிமிடம் கிடைக்குமென்றால் இதை இன்னும் உறுதியாகப் பார்க்கலாம். போனில் ஒரே துளைதான் இருக்கும், அதில் டேப்லெட் செருகியிருக்கும் என்பதால், கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் adb என்ற கருவியை வைஃபை வழியாக இணைக்க வேண்டும். இணைத்தபின்:

```
adb shell getevent -lp
```

போனில் செருகியிருக்கும் உள்ளீட்டுச் சாதனங்களின் பட்டியல் வரும். டேப்லெட்டின் பெயர் இரண்டு மூன்று முறை வந்தால் பதற வேண்டாம். பேனா, பொத்தான்கள், மவுஸ் என்று தன்னைப் பல சாதனங்களாகக் காட்டிக்கொள்வது வழக்கம்தான். அவற்றில் ஒன்றிலாவது ABS_PRESSURE என்ற வரி இருந்தால் பேனாவாகப் பேசத் தெரிந்த டேப்லெட். எல்லாவற்றிலும் REL_X, REL_Y மட்டும்தான் என்றால் மவுஸ். ABS_PRESSURE வரியில் max என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பெட்டியில் போட்டிருக்கும் அழுத்த நிலைகளோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். 8192 நிலைகள் என்று போட்டிருந்தால் இங்கே 8191 என்று வருவது இயல்பு, ஏனென்றால் எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது.

Pointer location-ஐ இப்போதே அணைத்துவிடாதீர்கள். அடுத்த இரண்டு சோதனைகளுக்கும் அது உதவும்.

பலகையில் எந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது?

கம்ப்யூட்டரில் பலகை முழுவதும் திரை முழுவதற்கும் பொருந்தும். போனை நிமிர்த்தி வைத்தால் அது நின்ற செவ்வகம், பலகையோ படுத்த செவ்வகம். இதைச் சமாளிக்கப் பல டேப்லெட்டுகள் போன் முறையில் பலகையின் இடப்பக்கத்தில் ஒரு நின்ற பட்டையை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு மீதியை அணைத்துவிடும். சிலவற்றில் அந்தப் பட்டையின் எல்லையைக் குறிக்கும் சின்னக் கோடுகள் பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வலப்பக்கம் பேனா வேலை செய்யவில்லை, பலகை பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். பாவம் அந்தப் பலகை.

உங்களுடையது எப்படி என்று தெரிந்துகொள்ளப் பேனாவைப் பலகையின் நான்கு மூலைகளிலும் வைத்து, Pointer location திரையில் காட்டும் குறுக்குக்கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். திரையின் நான்கு மூலைகளையும் எட்டும் இடங்களில் பலகை மேல் சின்னச் சின்ன காகித ஒட்டு வையுங்கள். அந்த நான்கு ஒட்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உங்கள் உண்மையான வரைபலகை. பேனாவை வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் மேலே போகிறது என்றால் திரையும் பலகையும் வெவ்வேறு பக்கம் பார்த்து நிற்கின்றன. பலகையை 90 டிகிரி திருப்பி வையுங்கள், அல்லது போனைத் திருப்புங்கள். பொருந்தியதும் போனின் தானியங்கித் திரைச் சுழற்சியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் லேசாகச் சாய்ந்த நொடியில் எல்லாம் மறுபடி குழம்பும்.

இதையே போனைப் படுக்க வைத்தும் ஒருமுறை செய்து பாருங்கள். சில டேப்லெட்டுகள் அப்போது முழுப் பலகையையும் திறந்துவிடும். சில அதே பட்டையையே பிடித்துக்கொண்டிருக்கும்.

வட்டம் முட்டையாவது

போனில் பேனா டேப்லெட் பற்றிப் பேசுகிற பலர் தொடாமல் விடுவது இந்தப் பகுதியைத்தான். எனக்கு முதல் இரண்டு வாரம் ஏன் எல்லா முகமும் நீளமாக வந்தது என்பதற்கான விடையும் இதுதான்.

ஒரு வட்டமான மூடியைப் பலகை மேல் வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் வரையுங்கள். திரையில் விழுந்த உருவத்தின் அகலத்தையும் உயரத்தையும் அடிக்கோலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலும் இருக்காது.

என் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். என் டேப்லெட்டின் வரையும் பகுதி 160 மி.மீ. அகலம், 99 மி.மீ. உயரம். சின்ன டேப்லெட்டுகளில் இது பரவலான அளவு. போன் முறையில் இடப்பக்கம் 62 மி.மீ. அகலப் பட்டை மட்டும் உயிரோடு இருக்கிறது. உயரம் அதே 99. போன் 6.5 அங்குலத் திரை, 20-க்கு 9 விகிதம், அதாவது சுமார் 68 மி.மீ. அகலம், 151 மி.மீ. உயரம். 62 மி.மீ. பட்டை 68 மி.மீ. திரையாக விரிவது கொஞ்சம்தான். 99 மி.மீ. உயரம் 151 மி.மீ. ஆக விரிவது ஒன்றரை மடங்கு. ஆகவே 40 மி.மீ. மூடியைச் சுற்றி வரைந்தால் திரையில் 44 மி.மீ. அகலமும் 61 மி.மீ. உயரமும் உள்ள முட்டை கிடைக்கிறது. உயரத்தை அகலத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 1.4. இதை இழுப்பு விகிதம் என்று வைத்துக்கொள்வோம்.

இது எப்போது தொல்லை, எப்போது தொல்லை இல்லை என்பது சுவாரசியமானது. வரையும்போது கண் திரையில்தான் இருக்கிறது. மெதுவாகக் கோடு இழுத்தால், திரையில் பார்த்தபடியே கை தன்னைத் திருத்திக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள பென்சில் கோட்டின் மேல் மை இழுப்பது, வண்ணம் நிரப்புவது, நிழல் பூசுவது இவற்றில் 1.4 இருந்தும் எனக்குச் சிரமமே தெரியவில்லை. கண் திருத்த நேரமில்லாத வேகமான அசைவுகளில்தான் அது வெளியே வரும். ஒரே வீச்சில் போடும் வட்டம், சாய்கோடுகளால் நிழல் நெய்வது, வேகமாகப் போடும் முதல் வரைவு. 45 டிகிரியில் கை வீசினால் திரையில் கோடு ஏறக்குறைய 54 டிகிரியில் செங்குத்தாக நிற்கும்.

என்ன செய்யலாம்? ரூட் செய்யாத போனில் இந்தப் பொருத்தத்தை மாற்ற ஆண்ட்ராய்டு பொதுவான அமைப்பு எதையும் தரவில்லை. கம்ப்யூட்டர் டிரைவரில் இருக்கிற "விகிதத்தைக் காப்பாற்று" என்ற பொத்தான் இங்கே இல்லை. பலகையின் ஒரு பகுதியை அட்டையால் மறைப்பதும் உதவாது. பொருத்தம் டேப்லெட்டுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையில் நடக்கிறது, அட்டை அதற்குத் தெரியாது.

ஆனால் மூன்று விஷயங்கள் உதவின. முதலாவது, போனைப் படுக்க வைப்பது. முழுப் பலகையும் திறந்தால், என் அளவுகளுக்கு இழுப்பு விகிதம் அங்கேயும் கிட்டத்தட்ட 1.4 தான், முட்டை நிற்பதற்குப் பதிலாகப் படுத்துக்கொள்கிறது. ஆனால் கை நகரும் பரப்பு இரண்டரை மடங்கு பெரிதாகிறது. திரையின் அதே பகுதிக்குப் பலகையில் அதிக இடம் கிடைப்பதால் நுணுக்கமான கோடு நடுங்காமல் வருகிறது. படுக்க வைத்தால் கருவிப் பட்டைகள் திரையின் உயரத்தைத் தின்றுவிடும் என்பது மட்டும் குறை.

இரண்டாவது, ஒதுக்கி வைத்த பழைய போன். அகலமான கருப்பு விளிம்புகளோடு 16-க்கு 9 விகிதத்தில் திரை வைத்திருந்த அந்தக் காலத்துப் போன்களில், அதே 62-க்கு 99 பட்டையோடு இழுப்பு விகிதம் 1.1 தான். கை அதைக் கவனிப்பதே இல்லை. ஓடிஜி வேலை செய்து, செயலி ஓடுமளவு நினைவகமும் இருந்தால், புதிய நீளமான போனைவிடப் பழைய குட்டையான போன் வரைவதற்கு நல்லது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாவது, வேகமான வட்டங்களைக் கையால் போடாமல் செயலியின் வட்டக் கருவியிடம் விடுவது. சாய்கோட்டு நிழலுக்கு நேர்கோட்டு அடிக்கோல் கருவியைக் குறித்த கோணத்தில் நிறுத்திவிட்டு இழுக்கலாம்.

செயலியில் மாற்ற வேண்டியவை

நான் ibisPaint பயன்படுத்துவதால் அதை வைத்துச் சொல்கிறேன். Medibang, Clip Studio போன்றவற்றிலும் இதே விஷயங்கள் வேறு பெயர்களில் இருக்கும். Krita ஆண்ட்ராய்டில் கிடைக்கிறது என்றாலும் அதன் முகப்பு பெரிய திரைக்காக அமைந்தது. போன் திரையில் அதன் பொத்தான்களைத் தொடுவதே ஒரு விளையாட்டு.

Pointer location-இல் அழுத்தம் ஏறி இறங்குகிறது, ஆனால் கோடு ஒரே தடிமன் என்றால் முதலில் செயலியின் அமைப்புகளில் ஸ்டைலஸ் பகுதியைத் திறந்து, அழுத்தம் உள்ள பேனா தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பிரஷ்ஷின் அமைப்பு. ஒவ்வொரு பிரஷ்ஷிலும் அழுத்தம் தடிமனை மாற்ற வேண்டுமா, அடர்த்தியை மாற்ற வேண்டுமா என்று தனித்தனியாக இருக்கும். சில பிரஷ்களில் இரண்டுமே பூஜ்யமாகவே வரும். சோதனைக்குத் தடிமன் மாறும்படி வைத்த ஒரு சாதாரண மை பேனா பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள்.

விரலால் வரைவதை அணைத்துவிடுங்கள். இது அழுத்தத்தைவிட அவசியம் என்று நினைக்கிறேன். இடது கையால் திரையைப் பெரிதாக்க, சுழற்ற, நகர்த்தத் தொட்டுக்கொண்டே இருப்பீர்கள். அப்போது விரல் பட்ட இடத்திலெல்லாம் புள்ளி விழாமல் இருக்க இதுதான் வழி. அப்படிப் பெரிதாக்கும்போது பேனா முனையைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு சாதனங்களிலிருந்து ஒரே நேரத்தில் தொடுகை வந்தால் ஆண்ட்ராய்டு பல பதிப்புகளில் ஒன்றைப் புறக்கணித்துவிடும். பேனா ஊன்றியிருக்க விரல் வேலை செய்யவில்லை என்றால் போனில் குறை எதுவும் இல்லை.

பேனா அந்தரத்தில் இருக்கும்போது எந்த இடத்துக்கு மேல் நிற்கிறது என்று தெரியாமல் பலர் தடுமாறுகிறார்கள். கம்ப்யூட்டர் போல எப்போதும் கர்சர் தெரியும் என்பதற்கு இங்கே உறுதி கிடையாது. செயலியில் பிரஷ் கர்சர் காட்டும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் Pointer location-ஐ அணைக்காமலே வரைந்து பாருங்கள். அழகாக இருக்காது, ஆனால் கை பழகும் வரை ஊன்றுகோல்.

வரைய ஆரம்பித்த பிறகு வரும் தொல்லைகள்

லேயருக்குப் பெயர் வைக்கப் போனால் திரையில் கீபோர்டு எழும்பாது. டேப்லெட்டின் ஓரத்துப் பொத்தான்கள் போனுக்குத் தங்களைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்கின்றன. "நிஜக் கீபோர்டு இருக்கும்போது திரைக் கீபோர்டு எதற்கு" என்று ஆண்ட்ராய்டு அதை மறைத்துவிடுகிறது. செட்டிங்ஸில் Physical keyboard என்று தேடினால், அங்கே திரைக் கீபோர்டையும் காட்டு என்கிற சுவிட்ச் இருக்கும். டேப்லெட் செருகியிருக்கும்போதே அதைத் தேடுங்கள். சில போன்களில் அப்போதுதான் அந்தப் பகுதியே கண்ணில் படும். சரி, கீபோர்டாக நடிப்பதால் ஒரு நன்மையும் உண்டு. அந்தப் பொத்தான்கள் அனுப்புகிற குறுக்குவிசைகளைச் செயலி புரிந்துகொண்டால், கம்ப்யூட்டரில் போலவே ஒரு பொத்தானில் கடைசிக் கோட்டை அழிக்கலாம். எது எதைச் செய்கிறது என்பதை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓரத்திலிருந்து உள்ளே கோடு இழுத்தால் செயலியே மூடிக்கொள்வது இன்னொன்று. விளிம்பிலிருந்து இழுப்பதைப் பின்செல்லும் சைகை என்று போன் எடுத்துக்கொள்கிறது. வரையும் நேரத்தில் மட்டும் வழிசெலுத்தலை மூன்று பொத்தான் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சார்ஜ் பற்றி. பேனாவுக்கு பேட்டரி இல்லாத வகை டேப்லெட்டுகள் அதிக மின்சாரம் இழுப்பதில்லை. போனின் பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் எரிந்துகொண்டே இருக்கும் திரைதான். நீண்ட நேரம் வரைவதென்றால் சார்ஜரையும் டேப்லெட்டையும் ஒன்றாகச் செருகக்கூடிய டைப்-சி ஹப் வாங்கலாம். ஹப்பில் சார்ஜரை முதலில் செருகிவிட்டு அப்புறம் வரையத் தொடங்குங்கள். வரைந்துகொண்டிருக்கும்போது சார்ஜரைச் செருகினால், மின்சாரம் எந்தப் பக்கம் போகிறது என்பது மாறும் அந்த நொடியில் டேப்லெட் அறுந்து மறுபடி இணையலாம். அந்த நேரத்தில் போட்ட கோடு பாதியில் நிற்கும். பழைய மைக்ரோ யூஎஸ்பி போன்களில் ஓடிஜியும் சார்ஜும் பெரும்பாலும் ஒன்றாக நடக்காது. முழுதாக ஏற்றிக்கொண்டு உட்காருங்கள்.

போன் ஸ்டாண்ட் வாங்கும்போது அடிப்பகுதியில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போனை நிமிர்த்தி வைத்தால் துளை கீழே இருக்கும். அடாப்டர் ஸ்டாண்டில் முட்டி, போனின் எடை முழுதும் அந்தச் சின்ன முனையின் மேல் உட்காரும். முனை ஆடத் தொடங்கினால் இணைப்பு அவ்வப்போது அறுந்துபோகும். டேப்லெட் விளக்கு கணநேரம் அணைந்து எரிவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம்.

கடைசியாகத் தாமதம். பேனா போன பிறகு கோடு இழுத்துக்கொண்டு பின்னால் வருகிறது என்றால் Pointer location-ஐ மறுபடி ஆன் செய்து வேகமாகக் கிறுக்குங்கள். குறுக்குக்கோடும் பின்தங்கினால் தகவல் வருவதிலேயே தாமதம். ஹப்பை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகிப் பாருங்கள். குறுக்குக்கோடு பேனாவோடு ஒட்டியே போய், கோடு மட்டும் பின்தங்கினால் சுமை செயலியில் இருக்கிறது. முதலில் கோட்டை நிலைப்படுத்தும் ஸ்டெபிலைசர் எவ்வளவில் இருக்கிறது என்று பாருங்கள். கை நடுக்கத்தைச் சமன்செய்ய அது வேண்டுமென்றேதான் காத்திருக்கிறது. அதைப் பாதியாகக் குறைத்தும் போதவில்லை என்றால் கான்வாஸ் அளவையும் பிரஷ்ஷின் தடிமனையும் குறைக்க வேண்டும். ஒரே படத்தை 4000 பிக்சல் சதுரத்திலும் 2000 பிக்சல் சதுரத்திலும் திறந்து அதே பிரஷ்ஷால் கிறுக்கிப் பாருங்கள். இரண்டாவதில் செயலி நினைவில் வைத்திருக்க வேண்டிய புள்ளிகள் கால் பங்குதான். அதில் கோடு பேனாவோடு ஒட்டி வந்தால், உங்கள் போனுக்கு எந்த அளவு வரை தாங்கும் என்பது கையோடு தெரிந்துவிடும்.